தலைப்பைத் தாங்காத அட்டவணை

பெண் பெயர் சூட்டப்பட்ட சூறாவளிகள் ஆண் பெயர் சூட்டப்பட்டவற்றைவிட மிகுதியான உயிர்களைப் பலிகொள்கின்றன என்ற செய்தி 2014 ஜூன் மாதத் தொடக்கத்தில் உலகைச் சுற்றி வந்தது. பெண் பெயரைக் கேட்டதும் மக்கள் புயலை மென்மையானதென எண்ணிவிடுகிறார்கள், உரிய முன்காப்பின்றி இருந்துவிடுகிறார்கள், அதனால் மடிகிறார்கள் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். கடும் புயல் ஒன்றின் பெயரைச் சார்லி என்பதிலிருந்து எலாய்ஸ் என்று மாற்றினாலே சாவு எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்னும் வாக்கியம் ஏடுதோறும் அச்சேறியது. இது வதந்தியன்று. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் கிஜு ஜங், சாரன் ஷாவிட், மது விசுவநாதன், ஜோசப் ஹில்பி ஆகிய நால்வர் எழுதிய கட்டுரையில் உள்ள வாக்கியம் அது. ஹில்பி, இவ்வாய்வில் கையாளப்பட்ட புள்ளியியல் முறையைப் பற்றித் தனி நூலே எழுதியவர்.

ஆகவே செய்தியாளர் எவரும் பொய் எழுதவில்லை. ஆய்விதழில் இருந்ததை எழுதினார்கள். ஆயினும் அதே கட்டுரையின் அட்டவணையை நிதானமாகப் படித்த எவரும் அந்தத் தலைப்பை எழுதத் துணிந்திருக்க மாட்டார். செய்தி வெளிவந்த சில நாள்களிலேயே புள்ளியியலாளரும் பேரிடர் ஆய்வாளரும் மறுப்புகளை எழுதத் தொடங்கினர். அதே ஆய்விதழ் அவ்வாண்டே மறுப்புக் கடிதங்கள் சிலவற்றை வெளியிட்டது. அம்மறுப்புகளுக்கு எத்தனை நாளேடுகள் தலைப்பு அளித்தன என்று கேட்பதில் பயனில்லை. அந்த அட்டவணையை எவ்வாறு படித்திருக்க வேண்டும் என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் தொடர்புப்போக்கு அட்டவணை ஒன்றில் நேரக்கூடிய பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வொரு கட்டுரையில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கின்றன.

முதலில், அட்டவணைக்குள் சென்றது என்ன என்று காண்போம். 1950 முதல் 2012 வரை அமெரிக்கக் கரையைக் கடந்த 94 சூறாவளிகள். 1957ஆம் ஆண்டின் ஆட்ரி, 2005ஆம் ஆண்டின் கத்ரீனா ஆகிய இரண்டும் மற்றவற்றினின்று வெகுவாக விலகி நிற்பதால் நீக்கப்பட்டன; எஞ்சியவை 92. இரண்டுமே பெண் பெயர்கள், இரண்டுமே பெருஞ்சாவு விளைவித்தவை. எனவே தங்கள் முடிவுக்குச் சாதகமானவற்றை ஆய்வாளர்கள் பொறுக்கி எடுத்தார்கள் என்று குற்றஞ்சாட்ட இடமில்லை. ஒவ்வொரு பெயரும் எவ்வளவு ஆண்மை அல்லது பெண்மை உடையது என்பதை ஒன்பது பேர் 11 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டனர். சார்லிக்குக் கிடைத்த சராசரி ஏறத்தாழ 3, எலாய்ஸுக்கு ஏறத்தாழ 9. இவற்றோடு புயலின் குறைந்தபட்சக் காற்றழுத்தமும், அது விளைவித்த சேதத்தின் ஆய்வுக்கால டாலர் மதிப்பும் சேர்க்கப்பட்டன. விளக்கப்பட வேண்டியது சாவு எண்ணிக்கை.

92 என்னும் எண்ணைக் கண்டவுடன் படிப்பவர் சற்றே நிற்க வேண்டும். அது சிறிய எண் என்பது மட்டும் காரணமன்று. அந்த 92இல் பாதிப் புயல்கள் ஐந்தோ அதற்குக் குறைவோ ஆன உயிர்களையே பறித்தன. மறுகோடியில் 1969ஆம் ஆண்டின் கமில் 256 பேரையும், 1955ஆம் ஆண்டின் டயான் ஏறத்தாழ 200 பேரையும், 2012ஆம் ஆண்டின் சாண்டி 159 பேரையும் கொன்றன. 1972ஆம் ஆண்டின் ஆக்னஸ் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. தரவு இவ்வாறு ஒருபுறம் சாய்ந்திருக்கும்போது, 92 புயல்களின் சான்று என்று நாம் நினைப்பது உண்மையில் நான்கைந்து புயல்களின் சான்றாகவே இருக்கும். அட்டவணையின் அடியில் அச்சிடப்பட்ட மாதிரி அளவு இதைச் சொல்லாது.

அந்த நான்கும் பெண் பெயர்கள் அல்லவா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஆம். ஆனால் அவற்றுள் மூன்று 1979க்கு முற்பட்டவை. 1953 முதல் 1978 வரை அட்லாண்டிக் சூறாவளிகள் அனைத்துக்கும் பெண் பெயரே சூட்டப்பட்டது. ஆண் பெயர்கள் 1979இல்தான் நுழைந்தன. செயற்கைக்கோள் படங்களும், கணினி முன்கணிப்பும், ஒழுங்குபட்ட வெளியேற்றத் திட்டங்களும் முதிர்ச்சி பெறாத காலத்துப் புயல்கள் ஏறக்குறைய அனைத்தும் பெண் பெயர் தாங்கியவை. அவை முதிர்ந்த காலத்துப் புயல்களுள் பாதி ஆண் பெயர் தாங்கியவை. பெயரின் விளைவைக் காலத்தின் விளைவினின்று பிரிக்காத எந்தக் கணக்கும் முன்கணிப்பு முன்னேறியதற்கான பெருமையை ஆண் பெயருக்கு அளித்துவிடும். ஆய்வாளர்கள் இதற்கு விடை கூறினர். பெண் பெயர் மட்டுமே இருந்த காலத்திலும் சில பெயர்கள் மிகுந்த பெண்மையும் சில குறைந்த பெண்மையும் உடையவை, எனவே ஒப்பிடலாம் என்றனர். அது முற்றிலும் தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் இரு பாலினப் பெயர்களும் கலந்து வழங்கிய 1979க்குப் பிந்தைய புயல்களை மட்டும் எடுத்து மறுப்பாளர்கள் ஆராய்ந்தபோது, கட்டுரை கூறிய விளைவு தென்படவில்லை.

இனி அட்டவணைக்குள் நுழைவோம். செய்தித் தலைப்பைப் படித்தவர், பெயரின் பெண்மை என்னும் வரிசைக்கு நேரே பெரிய கெழுவும் அதன் தோளில் நட்சத்திரமும் இருக்குமென எதிர்பார்ப்பார். அப்படி இல்லை. பெயர் தனித்து நின்று சாவைக் கூட்டுகிறது என்பதற்கு அங்கே உறுதியான சான்று இல்லை. சேதம் குறைந்த புயல்களில் பெயரால் விளைவு ஏதுமில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. முழு முடிவும் அட்டவணையின் அடிவரிசைகளில் உள்ள இரண்டு இடைவினை உறுப்புகளின் மீது நிற்கிறது. ஒன்று பெண்மையைச் சேதத்தோடு பெருக்கியது. மற்றொன்று பெண்மையைக் காற்றழுத்தத்தோடு பெருக்கியது.

இடைவினை என்பது ஒரு மாறியின் விளைவு மற்றொரு மாறியின் அளவைப் பொறுத்து மாறுகிறது என்ற கூற்று. அதைக் கண்டறிய, தனி விளைவைக் கண்டறிவதைவிடப் பன்மடங்கு தரவு வேண்டும். 92 நிகழ்வுகளில் இரண்டு இடைவினைகளை நாடுவது துணிச்சலான முயற்சி. அதைவிடத் தீவிரமானது மற்றொன்று. அவ்விரு இடைவினைக் கெழுக்களும் நேர்க்குறி உடையவை. சேதத்தோடு பெருக்கியதில் நேர்க்குறி இருப்பதன் பொருள், சேதம் மிகுந்த புயல்களில் பெண் பெயர் கூடுதலாகக் கொல்கிறது என்பது. இது தலைப்போடு பொருந்துகிறது. ஆனால் காற்றழுத்தம் குறையக் குறையப் புயல் கடுமையாகும். எனவே அழுத்தத்தோடு பெருக்கியதில் நேர்க்குறி இருப்பதன் பொருள், வலுக்குறைந்த புயல்களில்தான் பெண் பெயரின் விளைவு மிகுகிறது என்பது. கடுமையின் இரு அளவைகள் எதிரெதிர்த் திசையைக் காட்டுகின்றன. கடுமையான புயலில் பெண் பெயர் ஆபத்து என்று தலைப்பு எழுதியவர் ஒரு வரிசையைப் படித்து அடுத்த வரிசையை விட்டுவிட்டார். ஒரே கருதுகோளைச் சோதிக்க வந்த இரு எண்கள் தம்முள் முரண்படுமாயின், அவற்றுள் விருப்பமானதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆய்வாளருக்கும் இல்லை, செய்தியாளருக்கும் இல்லை.

அடுத்து, கெழுவின் அலகு. இவ்வாய்வில் கையாளப்பட்டது எதிர்மறை ஈருறுப்புத் தொடர்புப்போக்கு. எண்ணிக்கைகளுக்குரிய முறை அது. அதில் கெழுக்கள் சாவு எண்ணிக்கையின் மடக்கையைப் பற்றியவை, எண்ணிக்கையைப் பற்றியவை அல்ல. ஆகவே விளைவுகள் கூட்டலாக அன்றிப் பெருக்கலாகத் திரள்கின்றன. 3 புள்ளிப் பெயரில் சுமார் 15 சாவு, 9 புள்ளிப் பெயரில் சுமார் 41 சாவு என்னும் மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால், பெண்மையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சாவு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது என்பதே மாதிரியின் கூற்று. ஆறு படிகள் ஏறும்போது அது மும்மடங்கை நெருங்குகிறது. மும்மடங்கு என்று எழுதினால் திகைப்பு உண்டாகும், ஒரு புள்ளிக்கு 18 விழுக்காடு என்று எழுதினால் கேள்வி எழும். எந்த இரு பெயர்களை ஒப்பிட்டுக் காட்டுவது என்பதே ஒரு தேர்வு. இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவை அளவுகோலின் இரு பக்கங்களிலும் வெகுதொலைவில் நிற்பவை.

பெருக்கல் மாதிரியில் திட்டப் பிழையும் பெருகும் என்பதைப் படிப்பவர் மறத்தலாகாது. எடுத்துக்காட்டாக, ஒரு கெழு 0.40 என்றும் அதன் திட்டப் பிழை 0.15 என்றும் கொள்வோம். திட்டப் பிழையின் இருமடங்கை இருபுறமும் கூட்டிக் கழித்தால் 0.10 முதல் 0.70 வரையிலான இடைவெளி கிடைக்கும். கெழுவுக்கு நட்சத்திரம் உண்டு. ஆனால் மடக்கையிலிருந்து திருப்பினால், விளைவு 10 விழுக்காட்டிலிருந்து இருமடங்கு வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதே அதன் பொருள். நட்சத்திரம் பூச்சியத்தை மட்டுமே விலக்குகிறது. சுமார் 15இலிருந்து சுமார் 41 என்று எழுதிய செய்தி எதிலும் அவ்விரு எண்களைச் சுற்றிய நம்பிக்கை இடைவெளி இடம்பெறாமற்போனால், வாசகருக்கு மதிப்பீட்டில் பாதியே வழங்கப்பட்டது என்று பொருள்.

இவ்வாய்வின் உயிர்நிலை இதற்கும் அப்பால் உள்ளது. அதைக் கண்டறியப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. அட்டவணையில் உள்ள கெழுக்களில் ஒரு மெய்யான புயலின் அளவுகளை இட்டுக் கணிக்கும் பொறுமை இருந்தால் போதும். சாண்டியை எடுத்துக்கொள்வோம். 2012 அக்டோபர் 29 அன்று நியூ ஜெர்சிக் கரையைக் கடந்தது. பெயர் பெண்மை மிகுந்ததாக மதிப்பிடப்பட்டது. ஆய்வின் தரவில் அதன் சேதம் 75 பில்லியன் டாலர். இவற்றைக் கட்டுரையின் முதன்மை மாதிரியில் இட்டால், அது முன்கூறும் சாவு எண்ணிக்கை 20,000 அளவுக்குச் செல்கிறது. மெய்யாக மாண்டவர்கள் 159 பேர். நூறு மடங்குக்கும் மேல் பிழைபடும் ஒரு கணக்கு, பெயரில் உள்ள ஓர் எழுத்து வேறுபாட்டின் விளைவை நமக்கு அளந்து தர முன்வருகிறது.

பிழை எங்கிருந்து வந்தது? சேதத்தின் டாலர் மதிப்பை ஆய்வாளர்கள் மடக்கையாக்காமல் அப்படியே பயன்படுத்தினர். மாதிரியோ சாவை மடக்கையில் வைத்தது. இரண்டும் சேரும்போது சேதம் நேர்கோட்டில் ஏற, சாவு அடுக்கேற்றத்தில் பாய வேண்டும் என்ற கருத்து கேட்பாரின்றி உள்ளே புகுந்துவிடுகிறது. ஆனால் உலகில் அவ்வாறு நடப்பதில்லை. செல்வம் நிறைந்த கரையோரத்தில் சேதம் பத்து மடங்காகலாம், சாவு சிறிதளவே கூடலாம். 1992இல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ இதற்குச் சான்று. அதன் சேதம் சாண்டிக்கு நெருங்கியது. சாவு அறுபதைச் சற்றே தாண்டியது. ஆண்ட்ரூ ஆண் பெயர். மாதிரி இப்படிப்பட்ட புயலுக்கு ஆயிரக்கணக்கில் சாவை எதிர்பார்க்கிறது, ஆனால் தரவில் அது இல்லை. அந்த இடைவெளியை அடைக்கக் கையில் கிடைத்த கருவி பெண்மை–சேத இடைவினை. ஆண் பெயர் உடையவற்றில் சேதத்தின் விளைவு குறைவு என்று கூறிவிட்டால் ஆண்ட்ரூ கணக்குக்குள் அடங்கிவிடும். வளைவாக இருக்க வேண்டிய கோட்டை நேராக இழுத்ததன் பிழையைப் பெயரின் விளைவு என்று அட்டவணை பதிவு செய்கிறது. சேதத்தை மடக்கையாகவோ வர்க்கமூலமாகவோ மாற்றிக் கணித்தவர்கள் கண்டது, கட்டுரையின் இடைவினை தன் வலிமையை இழந்துவிடுகிறது என்பது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். விருப்பப்படி உருமாற்றி எதையும் மறைய வைக்கலாமே, மறுப்பாளர் மட்டும் நேர்மையானவரா? இவ்வினாவுக்கு விடைகாணத்தான் யூரி சைமன்சோன், ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் இதே தரவை எடுத்தாண்டனர். எந்தப் புயல்களை நீக்குவது, சேதத்தை எவ்வாறு அளப்பது, பெயரைப் புள்ளியாக வைப்பதா ஆண்–பெண் என இரண்டாகப் பிரிப்பதா, ஆண்டைச் சேர்ப்பதா விடுவதா என ஒரு நேர்மையான ஆய்வாளர் செய்திருக்கக்கூடிய தேர்வுகளை எல்லாம் அவர்கள் பட்டியலிட்டனர். அவற்றைச் சேர்த்துப் பின்னியபோது 1,728 மாதிரிகள் கிடைத்தன. அவற்றுள் வழக்கமான எல்லைக்குள் பெண் பெயர் கொல்கிறது என்று கூறியவை 2 விழுக்காடு அளவே. கட்டுரையில் அச்சான மாதிரி அச்சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. ஆய்வாளர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு தேர்வும் தனித்தனியே நோக்கினால் ஏற்கத்தக்கதே. ஆனால் அச்சான ஓர் அட்டவணைக்குப் பின்னே அச்சாகாத அட்டவணைகள் எத்தனை நிற்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளாத பி-மதிப்பு தன் சொல்லுக்குரிய எடையைப் பெறாது.

எண்களை விட்டுவிட்டுக் காரணத்தையும் கேட்டுப் பார்ப்போம். பெயரின் மென்மையால் மக்கள் வெளியேறத் தவறுகின்றனர் என்பதே கூறப்பட்ட வழி. அந்த வழி மெய்யானால், கரையோரத்தில் எச்சரிக்கை கேட்டும் தங்கியவர்களிடையே சாவுகள் குவிந்திருக்க வேண்டும். டயான் கொன்றது எங்கே? கரையைக் கடந்து வலுவிழந்த பின், உள்நாட்டில், பென்சில்வேனியாவிலும் கனெக்டிகட்டிலும் பெருக்கெடுத்த ஆறுகளில். சில நாள்களுக்கு முன் வந்த கானி என்னும் புயல் மண்ணை நனைத்து வைத்திருந்தது. ஆக்னஸின் பேரழிவும் பென்சில்வேனியாவின் வெள்ளமே. கமில் மிசிசிப்பிக் கரையைச் சிதைத்தது உண்மை, ஆயினும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டது வர்ஜீனிய மலைகளில், நள்ளிரவில் எதிர்பாராமல் பாய்ந்த வெள்ளத்தில். புயல் முதலில் கரையேறிய இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் புயலின் பெயரைக் கேட்டு அலட்சியம் செய்தார்கள் என்று எவரும் வாதிட முடியாது. அட்டவணை இச்சாவுகளைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஓர் எண்ணாக்கிக் கூட்டிவிடுகிறது.

கட்டுரையில் ஆய்வுக்கூடச் சோதனைகளும் இருந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. கற்பனைப் புயல் ஒன்றுக்குப் பெண் பெயர் வைத்தபோது, பங்கேற்றவர்கள் அதைச் சற்றே அபாயம் குறைந்ததாக மதிப்பிட்டனர். அது மனத்தின் சாய்வைப் பற்றிய சுவையான செய்தி. அதிலிருந்து கரையோரத்துச் சாவுக்குச் செல்ல வேண்டிய தூரம் நீண்டது. அத்தூரத்தைக் கடக்கும் பாலமாக நிறுத்தப்பட்டதே இந்த அட்டவணை. நம் வங்கக்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் நாடுகளின் அமைப்பு, பெயர்கள் பாலினச் சார்பற்றவையாக இருத்தல் வேண்டும் என்று விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது உயிர் காக்கும் என்று இக்கட்டுரையை மேற்கோள் காட்டி எவரேனும் வாதிட்டால், அதை ஏற்பதற்கில்லை.

செய்தியறைகளுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. தொடர்புப்போக்கு அட்டவணை ஒன்றை நம்பித் தலைப்பு எழுதுமுன், தலைப்பின் கூற்று எந்த வரிசையில் நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டும்படி கட்டுரையாளரைக் கேளுங்கள். அவ்வரிசை இடைவினையாக இருந்தால், அருகிலுள்ள இடைவினையின் குறியையும் படியுங்கள். வாசகர்கள் அறிந்த ஒரு மெய்நிகழ்வை மாதிரியில் இட்டு, அது முன்கூறும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் 20,000 என்றும் நடந்தது 159 என்றும் வந்தால், அச்சிட வேண்டிய செய்தி அதுவே.